மீட்டர் பெட்டியில் கிடந்த சீட்டுகள்

கடிதங்களாலேயே நடக்கும் கதைகளில் எழுதுகிற இருவருக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு கடலாவது இருக்கும். ஹெலன் ஹான்ஃப் நியூயார்க்கில் இருந்தார். ஃபிராங்க் டோல் லண்டனில் ஒரு பழைய புத்தகக் கடையில் வேலை பார்த்தார். 1949-ல் புத்தகம் கேட்டு அவர் எழுதிய வியாபாரக் கடிதம், டோல் 1968-ல் இறக்கும்வரை நீண்ட நட்பாகிவிட்டது. இருவரும் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. 1970-ல் '84, சேரிங் கிராஸ் ரோடு' என்று அது புத்தகமாக வந்தது. அங்கே கடிதம் எழுதக் காரணம் தேட வேண்டியதில்லை, நடுவில் அட்லாண்டிக் கிடக்கிறது.

ஓய்வுபெற்ற டீச்சர் கீழே இருக்கிறார், வேலைக்குப் போகும் இளைஞன் ஒருவன் மாடியில் குடியிருக்கிறான், ஓராண்டில் இருவரும் எழுதிக்கொள்ளும் சின்னச் சின்னச் சீட்டுகள் நட்பாக மாறுகின்றன என்று ஒரு சிறுகதை எழுதினால் இந்த வசதி கிடைக்காது. இருவருக்கும் நடுவே இருப்பது பதினேழு படிக்கட்டு. கூப்பிட்டால் கேட்கும். கையில் போன் வேறு இருக்கிறது. பிறகு எதற்குச் சீட்டு? இந்தக் கேள்விக்கு முதல் பக்கத்திலேயே நம்பும்படி பதில் இல்லாவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு அழகாக எழுதினாலும் வாசகர் உள்ளே வரமாட்டார். இந்த வகைக் கதைகள் பலவும் இங்கேயே சறுக்குகின்றன. அம்மாவும் மகளும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கும் குறிப்புகளாலேயே ஆலிஸ் கைப்பர்ஸ் 2007-ல் ஒரு நாவல் எழுதினார். அந்த அம்மா மருத்துவர், வேளைகெட்ட வேளையில் பிரசவம் பார்க்கப் போகிறவர். அவர் வீட்டில் இல்லாத நேரம்தான் அந்த நாவலுக்கு அஸ்திவாரம்.

நம் கதையையும் ஓர் இடத்தில் நிறுத்தி, கட்டிப் பார்த்துவிடலாம். சென்னையை அடுத்த மேற்குத் தாம்பரம், முடிச்சூர்ப் பக்கம். கீழே டீச்சர் தனியாக இருக்கிறார். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்தவர். மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, குளியலறை. அங்கே சாத்தூரிலிருந்து வந்த இருபத்துநாலு வயதுப் பையன். ஓ.எம்.ஆரில் இரவு ஷிப்ட். ராத்திரி எட்டரைக்கு கேப் வரும், விடிகாலை ஐந்தரைக்குத் திரும்புவான். அவன் தூங்கும்போது அவர் விழித்திருப்பார், அவர் தூங்கும்போது அவன் ஆபீசில் இருப்பான். பகலில் அவன் போன் சைலன்ட்டில் கிடக்கும். அவருடைய போன் அமெரிக்காவில் இருக்கும் மகன் வீடியோவில் கூப்பிடுவதற்காக ஹாலில் சார்ஜில் இருக்கும். அதில் தமிழில் டைப் அடிக்க அவருக்குப் பிடிக்கவில்லை. காரணம் இவ்வளவு போதும். சீட்டு வைக்க இடம், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டர் பெட்டி. சப் மீட்டர் அங்கேதான் இருக்கிறது, இருவரும் எப்படியும் அந்தப் பக்கம் வந்தாக வேண்டும்.

எதில் எழுதுகிறார்கள் என்பதையும் யோசித்துவிட வேண்டும், ஏனென்றால் கதையில் காலம் நகர்வதை அதுதான் சொல்லும். டீச்சர் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதுகிறார். முன்பக்கத்தில் தேதி பெரிதாக இருக்கும். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, நல்ல நேரம், ராகு காலம், எல்லாம் தானாக வந்துவிடும். 'இரண்டு மாதங்கள் கழிந்தன' என்று எங்கேயும் எழுத வேண்டியதில்லை. பையன் கையில் கிடைத்ததில் எழுதுகிறான்: கூரியர் கவர், மருந்துக் கடை பில், ரஃப் நோட்டில் கிழித்த அரைப்பக்கம். இந்த ரஃப் நோட்டுத் தாள் பிறகு பெரிய வேலை செய்யப்போகிறது.

கதை எப்போது தொடங்குகிறது? 2023 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை. ஆவணி மாதம். ஆடியில் வாடகை வீடு மாறமாட்டார்கள் என்பதால் ஆவணி பிறந்ததும் டெம்போக்கள் தெருவெங்கும் நிற்கும் காலம். ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால் பிறந்த பழக்கம் இது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தம் எவ்வளவு காலத்துக்கு என்றாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனாலும் பதினொரு மாதம் என்று எழுதும் கை மாறவில்லை. கதைக்கு இது ஒரு கொடுப்பினை. பதினொரு மாதம் என்பது முடிகிற தேதி கையில் இருக்கும் ஓர் உறவு. இருவருக்கும் தெரிந்தேதான் அது தொடங்குகிறது.

முதல் சீட்டு, சாமான் வருவதற்கு முந்தைய நாள் தாளில்:

"மாடி போர்ஷனுக்கு. நாளை 10.30-க்கு மேல் சாமான் ஏற்றலாம். ராகு காலம் எல்லாம் இங்கே பார்ப்பதில்லை. மோட்டார் காலை 6 முதல் 6.25 வரை. குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் போக வேண்டாம். கேட் சாவி இரண்டு தருகிறேன்."

பதில்: "சரி மேடம்."

அவர் யாருக்கு எழுதுகிறார் என்று பாருங்கள். அவனுக்கு அல்ல, போர்ஷனுக்கு. ஆளை அவர் இன்னும் பார்க்கவில்லை, இடத்தைத்தான் பார்க்கிறார். ராகு காலத்தைப் பற்றிய வரியை வாசகர் அந்த இடத்தில் ஒரு கணக்கு டீச்சரின் கறார் என்று மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அது எதற்காக அங்கே இருக்கிறது என்பது கடைசியில் தெரியும்.

புரட்டாசியில் கேட் தாழ்ப்பாள். விடிகாலை ஐந்தரைக்கு அது கிறீச்சிட்டு டீச்சரை எழுப்புகிறது. "தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன் மேடம்" என்று கூரியர் கவரில் ஒரு வரி. "தேங்காய் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும். தையல் மிஷின் எண்ணெய் ஷெல்ஃபில் வைத்திருக்கிறேன்" என்று மறுநாள் தாளில் பதில். இது நட்பு இல்லை. ஆனால் 'மாடி போர்ஷனுக்கு' என்ற தலைப்பு இந்தச் சீட்டில் வரவில்லை. யாருக்கு என்றே எழுதாமல் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

ஐப்பசியில் முதல் கரண்ட் பில். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. கதையில் மாதாமாதம் பில் வந்தால் நம் வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் ஏறஏறக் கட்டணமும் ஏறும். ஒரே இணைப்பில் இரண்டு குடும்பம் இருந்தால் அந்த இலவச 100 யாருக்கு? பல வீடுகளில் ஓனர் அதைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, குடியிருப்பவரிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையில் வாங்கிவிடுவார். வாடகை வீட்டில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த மனத்தாங்கல் இது. பையனும் அப்படித்தான் எதிர்பார்த்திருப்பான். டீச்சர் எழுதுகிறார்:

"மொத்தம் 300 யூனிட். உங்களுடையது 120. அதாவது ஐந்தில் இரண்டு பங்கு. பில் 675. உங்கள் பங்கு 270."

பில்லையே பங்கு போட்டுவிட்டதால் இலவச யூனிட்டிலும் அவனுக்கு ஐந்தில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டது. அதை அவர் சொல்லவில்லை. அவன் மூன்று நூறு ரூபாய்த் தாள்களைப் பெட்டியில் வைத்து, "மீதி வேண்டாம் மேடம்" என்று எழுதுகிறான். முப்பது ரூபாய் திரும்பி வருகிறது, குண்டூசி குத்தி. கூடவே: "கணக்கில் வேண்டாம் என்று ஒன்று கிடையாது."

டீச்சர் யார் என்பதற்கு இந்த ஒரு வரி போதும். அவர் நேர்மையானவர், கறாரானவர், தனிமையில் இருப்பவர் என்றெல்லாம் விவரிக்க இந்தக் கதையில் யாரும் இல்லை. எழுத்தாளருக்குப் பேசவே இடமில்லாத வடிவம் இது. கணக்கு பேசுகிறது, தாள் பேசுகிறது, குண்டூசி பேசுகிறது.

தீபாவளிக்கு டீச்சர் முறுக்கு கொடுத்தனுப்புவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நான் தரமாட்டேன். எவர்சில்வர் டப்பாவில் பலகாரம் போவதும், டப்பாவை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று அவன் எதையோ போட்டுத் தருவதும் நம் வீடுகளில் நடப்பதுதான், நல்ல பழக்கமும்தான். ஆனால் கதையில் அது வந்ததும் வாசகர் மனது 'ஆச்சு, அன்பு வந்துவிட்டது' என்று உட்கார்ந்துவிடும். நட்புக்குக் காரணம் தேடும் சிரமத்திலிருந்து எழுதுபவரைப் பலகாரம் விடுவித்துவிடுகிறது. இந்த இருவருக்கும் அவ்வளவு சுலபமான வழி கிடைக்கக்கூடாது.

கார்த்திகையில் வெள்ளம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தெருக்களிலும் வீடுகளிலும் தண்ணீர் புகுந்தது. அடையாற்றின் கரை அது, 2015-லும் மூழ்கிய இடம். நம் கதையின் மிகப் பெரிய சம்பவம் இதுதான். ஆனால் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பவர்கள் சீட்டு எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆகவே சீட்டுக் கதையில் பெரிய சம்பவம் கதைக்குள் வராது. சீட்டுகளுக்கு நடுவில் விழும் இடைவெளியில் நடக்கும். டிசம்பர் 2-ஆம் தேதித் தாளுக்கு அடுத்தது 8-ஆம் தேதிதான். அதுவும் டீச்சருடையது இல்லை. ரஃப் நோட்டின் முழுப்பக்கம் ஒன்றில் பையனின் கையெழுத்து:

"மாடியில் இருக்கும் உங்கள் சாமான்: அரிசி டின் 1. மிக்ஸி. பென்ஷன் புக், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் உள்ள கவர். பீரோ கீழ்த்தட்டுச் சேலைகள் 14. ட்ரங்குப் பெட்டி 1 (திறக்கவில்லை). மெயினை ஆஃப் செய்து வைத்திருக்கிறேன். சுவர் காய்கிறவரை போட வேண்டாம். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கட்டும்."

தூக்கிக்கொண்டு ஏறினான், அவர் மாடியில் தங்கினார், இருவரும் இருட்டில் விழித்திருந்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. சேலைகளை எண்ணியிருக்கிறான். பெட்டியைத் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறான். அந்த ராத்திரியில் அவன் எப்படி நடந்துகொண்டான் என்பது இந்த இரண்டு விவரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இங்கே அனுபவமில்லாத எழுத்து ஒரு தவறு செய்யும். வெள்ளத்தோடு நட்பு கூடிவிட்டது, இனி எல்லாம் உருக்கம் என்று அடுத்த சீட்டை 'அன்புள்ள தம்பி' என்று தொடங்கிவிடும். மனிதர்கள் அப்படி இல்லை. தன் வீட்டுக்குள்ளிருந்து தன்னை இன்னொருவர் கைபிடித்து அழைத்துப் போனதைச் சுலபமாக எடுத்துக்கொள்ள முப்பது வருஷம் வகுப்பை நடத்தியவருக்கு முடியாது. அதனால் மார்கழிச் சீட்டுகள் முன்னைவிட விறைப்பாக இருக்கின்றன. "எலக்ட்ரீஷியன் கூலியில் உங்கள் பங்கு இல்லை." "சாமான்கள் எல்லாம் சரியாக இருந்தன. நன்றி." அவ்வளவுதான். 'நன்றி' என்ற சொல் கதையில் இந்த ஒரே இடத்தில், அதுவும் ரசீது மாதிரி வருகிறது. உதவிக்குப் பிறகு வரும் இந்தக் கூச்சத்தை எழுதத் தெரிந்தால் கதை பாதி தேறிவிடும்.

தையும் மாசியும் சீக்கிரம் போகட்டும். பொங்கலுக்கு அவன் சாத்தூர் போய்வருகிறான், சுண்ணாம்பு அடிக்க ஆள் வருகிறது. மாசியில் ஒரு நாள், காலையில் குழாயில் காற்றுதான் வருகிறது என்று சொல்ல ரஃப் நோட்டிலிருந்து ஒரு துண்டு கிழித்து எழுதி வைக்கிறான். துண்டின் மறுபக்கத்தில் அவன் போட்டுப் பார்த்த கணக்கு ஒன்று இருக்கிறது. டீச்சரின் பதில்:

"ஃபுட் வால்வில் மண் அடைத்திருந்தது, எடுத்தாயிற்று. பின்பக்கத்துக் கணக்கில் முதல் குழாய் 6 மணியில் தொட்டியை நிரப்பும், இரண்டாவது குழாய் 12 மணியில் காலி செய்யும். நீங்கள் இரண்டையும் கூட்டியிருக்கிறீர்கள். கழிக்க வேண்டும்."

கணக்கைப் பார்த்துவிடலாம். நிரப்பும் குழாய் ஒரு மணி நேரத்தில் ஆறில் ஒரு பங்கை நிரப்புகிறது. காலி செய்யும் குழாய் பன்னிரண்டில் ஒரு பங்கை வெளியேற்றுகிறது. கழித்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு மிச்சம், ஆகவே தொட்டி நிறைய 12 மணி நேரம். அவன் கூட்டி, நான்கில் ஒரு பங்கு என்று எடுத்து, 4 மணி நேரம் என்று போட்டிருந்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 25 இப்படிப்பட்ட திறனறிவுக் கேள்விகள். இரவு ஷிப்ட் முடித்து வந்து, தூங்குவதற்கு முன் அவன் தேர்வுக்குப் படிக்கிறான் என்பது அவருக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் இப்படித்தான் தெரிய வேண்டும். அவனாக வந்து சொல்லக்கூடாது.

டீச்சர் தமிழாசிரியராக இருந்து, அவன் சீட்டில் ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தால் என்ன? முதலில் எல்லோருக்கும் தோன்றுவது அதுதான். ஆனால் பிழை திருத்துவது அவனுடைய சீட்டின் மேல் அவர் காட்டும் அதிகாரம். மறுபக்கத்தில் தற்செயலாகக் கிடந்த கணக்கைப் பார்ப்பது அப்படியல்ல. அவன் தனக்குக் காட்டாத ஒன்றின் மேல் அவருடைய அக்கறை போய் விழுகிறது. வேலையிலிருந்து ஓய்வுபெற்றவருக்குக் கணக்கிலிருந்து ஓய்வு கிடையாது. பார்த்த பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவன் எல்லாச் சீட்டையும் ரஃப் நோட்டில்தான் எழுதுகிறான். பின்பக்கம் எப்போதும் ஒரு கணக்கு இருக்கிறது. தற்செயலாக இருப்பதுபோலவே வைக்கிறான், அவரும் தற்செயலாகப் பார்த்ததுபோலவே பதில் எழுதுகிறார். விடையைச் சொல்வதில்லை, எந்தப் படியில் வழி தவறினான் என்பதை மட்டும் சொல்கிறார். பங்குனியில் ஒரு சீட்டு 'தம்பி' என்று தொடங்குகிறது. அவனும் 'மேடம்' விட்டு 'டீச்சர்' என்கிறான். இந்த மாற்றம் ஒருவருக்கு முதலில் வந்து மற்றவருக்குச் சில சீட்டுகள் கழித்து வர வேண்டும். ஒரே நாளில் இருவரும் மாறினால் எழுத்தாளர் தள்ளிவிட்டது தெரிந்துவிடும்.

இவ்வளவு நல்லபடியாகப் போகிற கதை இங்கேயே முடிந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. மே மாதம் வருகிறது. போர் வற்றிவிட்டது, லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். ஒரு ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் அவன் குழாயைத் திறந்து பார்த்து, நீர் வராததால் அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறான். தொட்டியில் நீர் ஏறியதும் பாதி சாக்கடைக்குப் போகிறது. மறுநாள் தாள்:

"மாடி போர்ஷனுக்கு. நேற்று குழாய் திறந்திருந்தது. லாரித் தண்ணீர். பாதித் தொட்டி போய்விட்டது."

"சரி மேடம்."

எட்டு மாதம் ஒரே தாவில் பின்னால் போய்விட்டது. அவன் 'தம்பி' இல்லை, மறுபடி போர்ஷன். அவர் 'டீச்சர்' இல்லை, மறுபடி மேடம். கோபத்தைக் காட்ட அவர் ஒரு கடுஞ்சொல்லும் சேர்க்கவில்லை. இவ்வளவு வலிக்கிறது என்பதிலிருந்துதான் நடுவில் எவ்வளவு சேர்ந்திருந்தது என்பது தெரிகிறது. சேர்ந்துகொண்டிருந்தபோது அதை யாரும் சொல்லவில்லை.

மூன்று நாள் பெட்டியில் சீட்டு இல்லை. நான்காம் நாள் ரஃப் நோட்டுத் தாள், இந்த முறை முன்பக்கத்திலேயே கணக்கு:

"தொட்டி 1,000 லிட்டர். பாதி 500. லாரி 6,000 லிட்டர், 1,200 ரூபாய். ஒரு லிட்டர் 20 பைசா. 500 லிட்டருக்கு 100 ரூபாய். வைத்திருக்கிறேன்."

அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு இதுதான். அவருடைய மொழியிலேயே, படிப்படியாக, ஒரு பிழையும் இல்லாமல். பதில் அதே தாளின் கீழே இருக்கிறது:

"தம்பி, கணக்கு சரி. பணம் வேண்டாம்."

கணக்கில் வேண்டாம் என்று ஒன்று கிடையாது என்றவர் எழுதிய வரி இது. கதையின் உச்சம் இந்த இடம். இதை இங்கே கட்டுரையில் நான் சுட்டிக்காட்டலாம், கதையில் யாரும் சுட்டிக்காட்டக்கூடாது. ஐப்பசியில் குண்டூசி குத்தி வந்த முப்பது ரூபாயை நினைவில் வைத்திருக்கும் வாசகருக்கு அது போய்ச் சேரும். மறந்துவிட்டவருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது, சமாதானமாகிவிட்டார்கள் என்றாவது புரியும்.

இந்தப் பதில் 'அதே தாளின் கீழே' இருப்பதற்கும் காரணம் உண்டு. இத்தகைய கதையில் கவனமாகப் படிக்கிறவர் ஒரு கேள்வி கேட்பார். இவர் எழுதியது அவனிடம் போயிருக்கும், அவன் எழுதியது இவரிடம் வந்திருக்கும், இரண்டும் எப்படி ஒன்றாக நம் கைக்கு வந்தன? கதைக்குள்ளேயே விடை இருக்க வேண்டும். பையன் தன் பதிலை அவர் தாளிலேயே எழுதி, படித்த சீட்டுகளையும் பெட்டியிலேயே விட்டுவிடுகிறான். டீச்சர் பில் குத்தும் கம்பியில் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறார். கரண்ட் பில், லாரி ரசீது, நடுவே இந்தச் சீட்டுகள். 'சரி மேடம்' என்ற இரண்டே சொல் இருக்கும் தாளையும் அவர் தூக்கிப் போடவில்லை. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பங்குனியில் எங்கேயோ அவர் "கம்பியில் உள்ள ஐப்பசிச் சீட்டைப் பார்த்தேன், அப்போதைய ரீடிங்" என்று எழுதினால் போதும்.

முடிவு ஆடியில் வருகிறது. ஒப்பந்தம் 2024 ஜூலை 31-ல் முடிகிறது. ஆபீசில் அவனைப் பகல் ஷிப்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள், சோழிங்கநல்லூர்ப் பக்கம் நண்பர்களோடு தங்கினால் அலைச்சல் மிச்சம். ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டான். தேதி நெருங்கும்போது டீச்சரிடமிருந்து:

"தம்பி, 31-ஆம் தேதி ஆடியில் வருகிறது. ஆடியில் வீடு மாறக்கூடாது. ஆவணி பிறந்து நல்ல நாள் பார்த்துப் போகலாம். ஆகஸ்ட் வாடகை பாதி போதும்."

"சரி டீச்சர்."

ராகு காலத்தில் சாமான் ஏற்றச் சொன்ன மனுஷி ஆடி பார்க்கிறார். 'இன்னும் கொஞ்ச நாள் இரு' என்று எழுத அவருக்கு வராது. ஊரார் எல்லோரும் சொல்லும் ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார், தான் நம்பாத காரணத்தை. அவனும் அதை நம்பியதுபோலவே ஒத்துக்கொள்கிறான். பதினொரு மாத ஒப்பந்தம் பன்னிரண்டு மாதமாகி, ஓராண்டு நிறைவது இந்தப் பொய்யால்தான். கதை இந்த 'சரி டீச்சரோடு' நின்றுவிட வேண்டும். அவன் காலி செய்யும் நாள் வேண்டாம். அட்வான்ஸ் கணக்கு வேண்டாம். விடைபெறும் நீண்ட கடிதம் வேண்டவே வேண்டாம். ஆண்டு முழுவதும் இரண்டு வரியில் பேசியவர்கள் கடைசியில் இரண்டு பக்கம் எழுதினால், அதுவரை அவர்கள் அடக்கிவைத்த எல்லாவற்றையும் எழுத்தாளர் கொட்டிவிட்டார் என்று ஆகிவிடும்.

அவன் தேர்வில் தேறினானா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்த ஆண்டு குரூப் 4 தேர்வு ஜூன் 9-ஆம் தேதி நடந்தது, முடிவு அக்டோபர் கடைசியில்தான் வந்தது. கதை ஆகஸ்டுக்குள் முடிந்துவிடுவதால் அவனைத் தேற வைக்கவோ தோற்க வைக்கவோ எழுதுபவருக்கு வாய்ப்பே இல்லை, அது நல்லதுதான். தேர்வுக்கு முந்தைய நாள் டீச்சர் எழுதுகிறார்: "ஹால் டிக்கெட், கருப்புப் பேனா எடுத்துக்கொள். கணக்கைக் கடைசிக்கு வைக்காதே." முதல்முறையாக 'நீ' என்று எழுதியதை அவரே கவனித்திருக்க மாட்டார், அன்றைக்கு அவர் ஞாபகம் எல்லாம் தேர்வில். பிறகு ஆணையம் உத்தேச விடைகளை வெளியிட்ட வாரத்தில் ஒரு மருந்துக் கடை பில்லின் பின்பக்கம் அவன் எழுதுகிறான்: "கணக்கு 25-க்கு 22 டீச்சர்."

சபாஷ் என்று அவர் எழுதவில்லை. அதற்குக் கீழே இருப்பது இவ்வளவுதான்: "எந்த மூன்று?"